சிறுகடைக் கணக்கும் கோப்புறை அடுக்கும்

வயலோடு சேர்த்து வீதியோரத்தில் ஒரு சிறு கடையும் நடத்தும் குடும்பங்கள் புதுக்குடியிருப்புப் பகுதியில் பல உள்ளன. காலையில் வயல், மாலையில் கடை என்று நாள் ஓடுகிறது. மொத்த வியாபாரி தந்த சிட்டை லாச்சிக்குள் கிடக்கும். கடன் கொப்பி சீனி மூடைக்கு மேல் இருக்கும். மின்கட்டணப் பட்டியல் ஆணியில் குத்தியிருக்கும். இப்போது பலர் இவற்றைக் கைபேசியில் படமெடுத்தும் வைக்கின்றனர். நல்லதுதான். ஆனால் படமெடுப்பது வேறு, வேண்டியபோது தேடியெடுப்பது வேறு. பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கும் மாமன் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கும் நடுவே போன பெப்ரவரி மாதத்துச் சிட்டையைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இப்பாடத்தில், ஒரு சிறுகடையின் சிட்டைகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஆண்டுக் கணக்குகளையும் கணினியில் எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று பார்ப்போம். பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதுவும் இல்லாதவர்கள் கைபேசியிலேயே இதைச் செய்யலாம். கணினியில் கோப்பு என்பது ஒரு தாள். கோப்புறை என்பது தாள்களை இடும் மட்டை. மட்டைக்குள் இன்னொரு மட்டையை வைக்கலாம் என்பது மட்டுமே வித்தியாசம்.

ஒரே தூக்கில் எடுக்கக்கூடியதாக

2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தவை பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கொஞ்சம் நகை. இவை ஏற்கெனவே ஒரு பையில் ஒன்றாக இருந்தபடியால்தான் எடுக்க முடிந்தது. கடைக் கணக்குகள் அப்படி ஓரிடத்தில் இருக்கவில்லை. செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பிவந்து கடையை மறுபடி திறந்தவர்கள், யார் தமக்குத் தரவேண்டும், தாம் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதை ஞாபகத்திலிருந்துதான் தொடங்கவேண்டியிருந்தது. 2018 டிசம்பர் வெள்ளம் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் வீடுகளுக்குள் புகுந்தபோதும் முதலில் நனைந்தது நிலத்தோடு இருந்த பெட்டிகள்தான்.

ஆகையால் முதலாவது விதி இது. கடையின் எல்லாப் பதிவுகளும் ஒரே ஒரு தாய்க் கோப்புறைக்குள் இருக்கவேண்டும். அதன் பெயர் `KADAI`. இதைப் பிரதி எடுத்தால் கடை முழுவதும் பிரதியாகிவிட வேண்டும். ஒரு சிட்டை கூட மேசைத்திரையிலோ கைபேசியின் படத்தொகுப்பிலோ மட்டும் தங்கியிருக்கக் கூடாது.

எந்த ஆண்டு?

அந்தத் தாய்க் கோப்புறைக்குள் என்ன செய்வது? ஆண்டு ஆண்டாகப் பிரிப்பது என்று எவரும் சொல்வார்கள். ஆனால் கடைக்காரருக்கு ஒரே ஆண்டு இல்லை என்பதுதான் இங்குள்ள சிக்கல். பிரதேச சபையில் எடுக்கும் வியாபார அனுமதிப்பத்திரம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடிகிறது. எமது வழக்கப்படி புதுக்கணக்குத் திறப்பது சித்திரைப் புத்தாண்டில். இவை எல்லாவற்றையும் விடக் கடையை உண்மையில் ஆட்டிப்படைப்பது காலபோகம். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு, மாசி, பங்குனியில் அறுவடை. இடைப்பட்ட மாதங்களில் ஊர் முழுவதும் கடனில் சாமான் வாங்கும். அறுவடை முடிந்து நெல்லு விற்ற பிறகே காசு வரும்.

எமது முடிவு என்னவென்றால், கோப்புறைக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டையே எடுக்கவேண்டும். வரி அறிக்கைக்கும் வங்கியில் கடன் கேட்பதற்கும் அந்த ஆண்டுக் கணக்கே உதவும். புதுக்கணக்குக் கொப்பியைச் சித்திரை 14 இல் நல்ல நேரம் பார்த்துத் திறப்பதற்கு இது தடையில்லை. ஆனால் கணினியில் ஏப்ரல் 1 இலேயே புதிய கோப்புறை தொடங்கிவிட வேண்டும். இரண்டு வாரத்து விற்பனை இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே தொங்கினால், பிறகு பிரித்தெடுப்பது பெரும் பாடு.

இந்த ஆண்டுக்குள் அடங்காத பதிவுகளை ஆண்டுக் கோப்புறைக்கு வெளியே வைக்கவேண்டும். அடுக்கு இவ்வாறு அமையும்:

```
KADAI
  0_NILAIYANA
  1_KADAN
  2024-25
    1_KOLVANAVU
    2_VITPANAI
    3_SELAVU
    4_VANKI
    5_KANAKKU
  2025-26
  Z_VETRU
```

பெயர்களை ஆங்கில எழுத்தில் தந்திருப்பதற்குக் காரணம் உண்டு. எம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறோம். பாமினியில் 'கணக்கு' என்று தட்டினால், கோப்பின் பெயர் திரையில் `fzf;F` என்றுதான் தெரியும். அடுத்த தலைமுறை அதை வாசிக்கப் போவதில்லை. ஒருங்குறி முறையில் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவர்கள் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எதைத் தொடங்கினாலும் பாதியில் மாற்றவேண்டாம்.

`0_NILAIYANA` என்பது நிலையானவை. பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு, கடைக் காணியின் பத்திரம், வங்கிக் கடன் ஒப்பந்தம், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை போன்றவை இதில் இருக்கும். வியாபார அனுமதிப்பத்திரமும் தராசு முத்திரைச் சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவைதான். எனினும் அவற்றையும் ஆண்டைப் பெயரில் இட்டு இங்கேயே வைப்பது நல்லது. 2025 ஜனவரியில் எடுத்த அனுமதிப்பத்திரம் எந்த வரிமதிப்பாண்டுக்குள் போகும் என்று யோசித்து மினக்கெட வேண்டியிருக்காது. பரிசோதகர் வந்து நிற்கும்போது ஒரே இடத்தில் தேடினால் போதும்.

ஆண்டுக்குள் ஐந்து மட்டைகள். கொள்வனவு என்பது விற்பதற்காக வாங்கிய சாமான்களின் சிட்டைகள். விற்பனை என்பது நீங்கள் எழுதிக்கொடுத்த கடன் சிட்டைகளும் நாள் விற்பனைக் கொப்பியின் பக்கங்களும். செலவு என்பது மின்சாரம், லொறிக் கூலி, கடை திருத்தம் போன்றவை. வங்கி என்பது வைப்புச் சீட்டு, கணக்குக் கூற்று, காசோலை அடிக்கட்டை. கணக்கு என்பது நீங்கள் தட்டச்சிடும் நாட்கணக்கும் ஆண்டு முடிவுப் பட்டியல்களும்.

ஒவ்வொன்றுக்குள்ளும் பன்னிரண்டு மாதக் கோப்புறைகள் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மாதம் நாற்பது, ஐம்பது சிட்டைகள் வரும் கடைக்கு அது வேண்டியதில்லை. ஐந்து மட்டைகளுக்குள் பன்னிரண்டு வீதம் போட்டால் அறுபது மட்டைகளாகும். அவற்றில் பாதி வெறுமையாகக் கிடக்கும். சிட்டை தவறான மாதத்தில் விழுந்தால் கண்ணிற் படவும் மாட்டாது. மாதத்தைக் கோப்பின் பெயரே சொல்லட்டும்.

கோப்பின் பெயர்

ஒரு கொள்வனவுச் சிட்டையின் பெயர் இப்படி இருக்கும்:

```
2024-11-06_K0147_MAA-SEENI_38500.jpg
```

முதலில் சிட்டையில் உள்ள திகதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதவேண்டும். அப்போதுதான் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். நாம் வழக்கமாக எழுதுவது போல நாளை முன்னால் எழுதினால், எல்லா மாதத்து முதலாம் திகதிகளும் ஒன்றாகவும் இரண்டாம் திகதிகளும் ஒன்றாகவும் சேர்ந்து நிற்கும். சாய்கோடு போட்டுத் திகதி எழுதினால் கணினி அந்தப் பெயரை ஏற்காது. அடுத்து உங்கள் தொடர் இலக்கம். K என்பது கொள்வனவு, V விற்பனை, S செலவு. அதன் பின் சாமான், கடைசியில் தொகை ரூபாவில்.

தொடர் இலக்கமே இதில் முக்கியமானது. சிட்டை கைக்கு வந்தவுடன் அதன் வலது மேல் மூலையில் பேனாவால் K0147 என்று எழுதிவிட்டுப் படமெடுக்க வேண்டும். தாளிலும் கணினியிலும் ஒரே இலக்கம் இருந்தால் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தேடலாம். மாத முடிவில் இலக்கங்களை மட்டும் ஓடிப்பாருங்கள். K0151 க்கு அடுத்து K0153 நின்றால் ஒரு சிட்டை எங்கோ தவறிவிட்டது. அது இன்னும் லாச்சியிலோ சட்டைப் பையிலோ கிடக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். இலக்கம் ஒவ்வொரு ஏப்ரல் 1 இலும் 0001 இலிருந்து தொடங்கும்.

பெரிய கடைகளும் வங்கி இயந்திரங்களும் தரும் வழுவழுப்பான சீட்டுகள் வெப்பத்தால் எழுத்துத் தோன்றுபவை. தகரக் கூரையின் கீழ் சில மாதங்களில் அவை மங்கிவிடும். பிளாஸ்டிக் உறையில் இட்டால் இன்னும் விரைவாக மங்கக்கூடும். அவற்றை வந்த வாரத்திலேயே படமெடுத்துவிட வேண்டும்.

ஆண்டைக் கடக்கும் கடன்

இனித்தான் விஷயம் இருக்கிறது. ஓர் உதாரணத்தைக் கணக்கோடு பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் இட்டவை.

ஒரு விவசாயி 2024 நவம்பரிலிருந்து 2025 பெப்ரவரி வரை உங்கள் கடையில் 18,400 ரூபாவுக்குக் கடனில் சாமான் எடுத்தார். ஒவ்வொரு முறையும் கார்பன் தாள் வைத்துச் சிட்டை எழுதினீர்கள். அறுவடை முடிந்து 2025 மார்ச் 20 இல் 12,000 ரூபா தந்தார். நெல்லு வாங்கியவர் மீதிக் காசை இழுத்தடித்ததால் மிச்சம் 6,400 ரூபாவை மே 15 இல்தான் தந்தார்.

இந்தக் கடன் எந்த ஆண்டுக்கு உரியது? சிலர் அவருடைய சிட்டைகளைப் பழைய கோப்புறையிலிருந்து புதியதற்கு நகர்த்திவிடுகின்றனர், கடன் இன்னும் தீரவில்லையே என்று. வேறு சிலர் காசு வரும்வரை சிட்டையை எங்குமே இடாமல் வைத்திருக்கின்றனர். இரண்டும் பழைய ஆண்டின் விற்பனையைக் குறைத்துவிடும். விதி எளிது. சிட்டை அதில் எழுதிய திகதியின் ஆண்டுக்குள் போகும், பிறகு அங்கிருந்து அசையாது. பற்றுச்சீட்டு காசு கைமாறிய திகதியின் ஆண்டுக்குள் போகும். ஆகவே 18,400 ரூபாச் சிட்டைகளும் மார்ச் 20 பற்றுச்சீட்டும் `2024-25` இல் இருக்கும். மே 15 பற்றுச்சீட்டு மட்டும் `2025-26` இல் இருக்கும். இரண்டையும் இணைப்பது `1_KADAN`.

அந்தக் கோப்புறை ஆண்டுகளுக்கு வெளியே இருப்பதன் காரணம் இதுவே. அதற்குள் ஒரேயொரு கடன் பதிவேடு இருக்கும். ஆளுக்கு ஒரு பகுதி ஒதுக்கி, சிட்டை இலக்கம், எடுத்த தொகை, தந்த தொகை, நிலுவை என்று எழுதி வரவேண்டும். ஆண்டு மாறினாலும் இப்பதிவேடு தொடரும். மார்ச் 31 மாலை கடையைப் பூட்டியபின், அன்றைய நிலுவைகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து `5_KANAKKU` க்குள் `2025-03-31_KADAN` என்ற பெயரில் வைக்கவேண்டும். எமது விவசாயியின் பெயருக்கு எதிரே அதில் 6,400 என்று இருக்கும். அப்பட்டியலை அதன் பிறகு எவரும் திருத்தக் கூடாது.

பட்டியல் சரியா என்பதைப் பரிசோதிக்க ஒரு வழி உண்டு. 2024 ஏப்ரல் 1 இல் ஊரார் தரவேண்டிய மொத்தம் 152,000 ரூபா என்று வைப்போம். ஆண்டு முழுவதும் கடனில் விற்றது 640,500. பழைய, புதிய கடன்களுக்காக வந்த காசு 606,200. முதல் இரண்டையும் கூட்டினால் 792,500. அதிலிருந்து வந்த காசைக் கழித்தால் 186,300. மார்ச் 31 பட்டியலில் ஒவ்வொருவர் நிலுவையையும் கூட்டும்போதும் இதே 186,300 வரவேண்டும். வராவிட்டால் V இலக்கங்களில் எது தவறியது என்று முதலில் பாருங்கள். அதன் பின் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளைப் பாருங்கள்.

அங்கும் பிழை தெரியாவிட்டால் பெரும்பாலும் நாட்கணக்கில்தான் இருக்கும். மே 15 மாலை கடைக்காரர் லாச்சியை எண்ணுகிறார். 15,900 ரூபா இருக்கிறது. அவ்வளவையும் 'இன்றைய விற்பனை' என்று எழுதிவிடுகிறார். அதில் 6,400 பழைய கடன் என்பது அவருக்கு அந்த நேரம் ஞாபகமில்லை. அந்தச் சாமான் ஏற்கெனவே 2024-25 இல் கடன் விற்பனையாகக் கணக்கில் ஏறியது. இப்போது 2025-26 இலும் கைக்காசு விற்பனையாக ஏறுகிறது. ஒரே சீனி இரண்டு தரம் விற்கப்பட்டதாகிறது! அறுவடைக் காலத்தில் ஊர் முழுவதும் கடன் தீர்க்கும்போது, இப்படி ஒரு கடையின் விற்பனை இல்லாத அளவுக்கு வீங்கிக் காட்டும். விவசாயியின் பெயரில் 6,400 தீராமல் நிற்கும். அடுத்த முறை அவர் வரும்போது வீண் மனத்தாங்கல் வரும்.

எனவே நாட்கணக்கில் காசு வரவுக்கு இரண்டு நிரல்கள் வேண்டும். ஒன்று கைக்காசு விற்பனை, மற்றது கடன் வரவு. மே 15 இல் முதலாவதில் 9,500, இரண்டாவதில் 6,400. கடன் காசு வாங்கும்போதே பற்றுச்சீட்டு எழுதி, அடிக்கட்டைகளை மாலையில் கூட்டி, அதை லாச்சிக் காசிலிருந்து கழித்துக்கொண்டால் போதும்.

நீங்கள் கொடுக்கவேண்டிய கடனுக்கும் இதே விதிதான். மார்ச் 29 இல் லொறியில் வந்த மாவுக்கு ஏப்ரல் 10 இல் காசு கொடுத்தால், சிட்டை பழைய ஆண்டின் கொள்வனவுக்குள் போகும், வங்கிச் சீட்டு புதிய ஆண்டுக்குள் போகும். சீட்டில் K இலக்கத்தை எழுதிவிடுங்கள். கொடுக்கவேண்டியவற்றின் பட்டியலொன்றையும் மார்ச் 31 இல் எடுக்கவேண்டும். அன்றே கடையில் உள்ள சாமான்களை எண்ணி, வாங்கிய விலைப்படி எழுதிவைப்பதையும் மறக்கவேண்டாம். ஏப்ரல் பாதியில் அதை எண்ணி எழுத முடியாது, பாதிச் சாமான் போயிருக்கும்.

ஆண்டை மூடுதல்

`Z_VETRU` என்பது வெற்றுக் கோப்புறை. ஐந்து மட்டைகளும் வெறுமையாக அதற்குள் இருக்கும். ஏப்ரல் 1 காலையில் அதைப் பிரதி எடுத்துப் புதிய ஆண்டின் பெயரை இட்டால் வேலை முடிந்தது. பழைய ஆண்டை அன்றே பூட்டவேண்டாம். மார்ச் மாத மின்பட்டியலும் சில சிட்டைகளும் ஏப்ரலில்தான் வந்துசேரும். ஏப்ரல் முடியும் வரை காத்திருந்து, பிறகு அக்கோப்புறையின் பண்புகளில் `Read-only` என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போதும் எவராவது வேண்டுமென்றே அழிக்கலாம். கைதவறித் திருத்துவதையே இது ஓரளவு தடுக்கும்.

பிரதிகளைப் பற்றிச் சிறிது. கைபேசிப் படம் ஒன்று மூன்று, நான்கு மெகாபைட் வரை வரும். சிட்டை வாசிப்பதற்கு அதில் பத்திலொன்று போதும். படத்தின் அளவைக் குறைத்துச் சேமித்தால் ஆண்டுக்கு 600 சிட்டைகள் ஏறக்குறைய 240 மெகாபைட்டில் அடங்கும். பத்தாண்டுக் கணக்கும் சிறிய பென்டிரைவ் ஒன்றுக்குள் போய்விடும். இரண்டு பென்டிரைவ் வாங்குங்கள். ஒன்று வீட்டில், அடையாள அட்டைகள் இருக்கும் அதே பையில். மற்றது வேறொரு ஊரில் உள்ள உறவினர் வீட்டில், மாதமொருமுறை மாற்றிக்கொள்ளக் கூடியதாக. ஒவ்வொரு முறையும் பழைய பிரதிக்கு மேலேயே எழுதவேண்டாம். `KADAI_2025-06-30` என்று திகதியிட்டுப் புதிதாக வையுங்கள். கணினியில் ஒரு கோப்பு பழுதாகியிருந்தால், மேலெழுதும்போது அந்தப் பழுது நல்ல பிரதிக்கும் போய்விடும். பிரதி எடுத்தபின் ஏதாவது மூன்று படங்களைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்து படம் திறக்காத பென்டிரைவுகள் சந்தையில் நிறைய உண்டு.

தாள்களை எறிந்துவிடலாமா? வேண்டாம். ஆண்டுக்கு ஒரு அட்டைப் பெட்டி எடுத்து, உள்ளே அதே ஐந்து பெயர்களில் ஐந்து பைல் மட்டைகள் வையுங்கள். பெட்டி நிலத்தில் இருக்கக் கூடாது. கணினி பழுதாகும் நாளில் அப்பெட்டியே உங்கள் கணக்கு.

அடுக்கு முடிந்தபின் வீட்டிலுள்ள இன்னொருவரைக் கொண்டு சோதியுங்கள். நீங்கள் வயலில் இருக்கும்போது மகள் தொலைபேசியில் உங்களைக் கேளாமல், போன கார்த்திகையில் மா வாங்கிய சிட்டையை ஒரு நிமிடத்துக்குள் எடுக்கவேண்டும். எடுக்க முடியாவிட்டால் அவள் எந்த மட்டையை முதலில் திறந்தாள் என்று கேளுங்கள். பெயரை மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

ஏற்கெனவே நூற்றுக்கணக்கான படங்கள் கலந்து கிடப்பவர்கள் அவற்றை முதலில் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு கிழமையில் அலுத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். `KADAI` க்குள் `PAZHAYATHU` என்று ஒரு மட்டை திறந்து, பழைய படங்கள் அத்தனையையும் அப்படியே அதற்குள் தள்ளுங்கள். இன்று கைக்கு வரும் சிட்டைக்கு 0001 என்று இலக்கமிடுங்கள். பழையவற்றில் ஒன்று தேவைப்பட்டுத் தேடியெடுக்கும் அன்றைக்கு, அந்த ஒன்றுக்கு மட்டும் சரியான பெயரிட்டு அதன் ஆண்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் போதும்.